‘லாம்’ எங்கே நிற்க வேண்டும்?

அரசியல் அறிவியல் முதுநிலை மாணவி ஒருவர் தன் கட்டுரை வரைவைக் கொண்டுவந்தார். பஞ்சாயத்துகளில் பெண்களுக்கான இடஒதுக்கீடு பற்றியது. முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வாக்கியம்: “பெண்கள் தலைவர்களாக வரும்போது கிராமங்கள் வளர்ச்சியடைகின்றன என்பது ஆய்வுகளால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது.”

எந்த ஆய்வு என்று கேட்டேன். ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்ளோ இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு என்றார். நல்ல ஆய்வுதான். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி மூன்றில் ஒரு பங்கு பஞ்சாயத்துத் தலைவர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பின், மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலுமாக 265 பஞ்சாயத்துகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெண் தலைவருக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் குடிநீர் வசதிகளுக்கு இரண்டு மாநிலங்களிலும் கூடுதல் கவனம் கிடைத்திருந்தது. சாலை விஷயத்தில் மேற்கு வங்கத்தில் கூடியது, ராஜஸ்தானில் குறைந்தது.

இதை வைத்துக்கொண்டு மாணவியின் வாக்கியத்தைப் பாருங்கள். ‘வளர்ச்சி’ என்ற சொல் ஆய்வில் அளக்கப்படவே இல்லை. அளந்தது கிணறு, குழாய், சாலை போன்றவற்றை. ‘கிராமங்கள்’ என்றால் எல்லாக் கிராமங்களும் என்றாகிறது. ‘அடைகின்றன’ என்ற நிகழ்காலம் இன்னும் மோசம். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதுபோல, என்றும் மாறாத விதியாக அது ஒலிக்கிறது. கண்டதைச் சொல்ல இறந்தகாலமே போதும்: ‘கூடுதலாக இருந்தது’. வினையின் காலத்தை மாற்றினாலே பாதி மிகை கரைந்துவிடும். மாணவர்கள் பலர் கவனிக்காத இடம் இது.

இதைச் சொன்னதும் அவர் திருத்திக் கொண்டுவந்தார்: “பெண்கள் தலைமை ஏற்றால் ஓரளவு மாற்றங்கள் ஏற்படக்கூடும் என்று சில வேளைகளில் கருத இடமிருக்கலாம் எனத் தோன்றுகிறது.” ஒரே வாக்கியத்தில் ஐந்து இடத்தில் தயக்கம். எதைப் பற்றித் தயங்குகிறார் என்று மட்டும் தெரியவில்லை. முதல் வாக்கியம் தவறாக இருந்தது. இது எதையுமே சொல்லவில்லை. தவறைச் சுட்டிக்காட்டித் திருத்தலாம், ஒன்றும் சொல்லாததை என்ன செய்வது?

ஆகவே ஒவ்வொரு கூற்றாகப் பிரித்துப் பார்த்தோம். எந்தப் பஞ்சாயத்தை ஒதுக்குவது என்பதை, ஊரின் வசதியையோ அங்குள்ள பெண்களின் செல்வாக்கையோ பார்த்து முடிவு செய்யவில்லை. பட்டியலின்படி சுழற்சியில் அது அமைந்தது. ஒதுக்கப்பட்ட ஊர்களும் மற்ற ஊர்களும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருந்தன என்று கொள்ள அதுவே காரணம். எனவே “இடஒதுக்கீட்டால் மாறியது” என்று ‘லாம்’ இல்லாமலே எழுதலாம். இங்கே தயங்குவது அடக்கம் ஆகாது, சான்றைக் குறைத்துக் காட்டுவதாகும்.

ஆனால் ஏன் மாறியது? ஊர்ப் பெண்கள் எதைக் கேட்டார்களோ அதன் பக்கமே செலவும் சாய்ந்தது என்கிறது ஆய்வு. இந்த விளக்கத்துக்கு வலு உண்டு. இருந்தாலும் ஒதுக்கீட்டில் வந்தவர்களில் பலர் பதவிக்குப் புதியவர்கள். புதியவர் என்பதால் வந்த மாற்றமா, பெண் என்பதால் வந்த மாற்றமா என்ற கேள்வியை எழுப்பித்தான் ஆக வேண்டும். ‘என்று விளக்கலாம்’ நிற்க வேண்டிய இடம் இதுதான். அதுவும் ஒரு முறை போதும்.

மூன்றாவதாக, மாணவியின் கட்டுரை தமிழ்நாட்டைப் பற்றியது. இங்கே 2016இல் ஒதுக்கீடு ஐம்பது சதவீதமானது. அந்த ஆய்வில் தமிழ்நாடு இல்லை. இதற்கு ‘ஒருவேளை’ என்ற சொல் உதவாது. எல்லையை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

ராஜஸ்தானில் சாலைப் பணி குறைந்த செய்தியை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். தன் வாதத்துக்கு அது இடைஞ்சல் என்று நினைத்தார். உண்மையில் வாதத்தைத் தாங்குவதே அதுதான். மேற்கு வங்கப் பெண்கள் குடிநீரோடு சாலையையும் கேட்டார்கள். ராஜஸ்தானில் சாலை ஆண்களின் கோரிக்கையாக இருந்தது. ‘வளர்ச்சி’ என்று எழுதியிருந்தால் இந்த வேறுபாடு மறைந்தே போயிருக்கும்.

கடைசியில் அவர் எழுதியது இது: “மேற்கு வங்கம், ராஜஸ்தான் இரண்டிலும் ஆராயப்பட்ட பஞ்சாயத்துகளில், தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியது குடிநீர்ப் பணிகளைக் கூட்டியது, சாலைப் பணிகளை முதல் மாநிலத்தில் கூட்டியது, இரண்டாவதில் குறைத்தது. அந்தந்த ஊர்ப் பெண்களின் கோரிக்கையைத் தலைவர்கள் பின்பற்றியதே இதற்குக் காரணம் என்று விளக்கலாம். இதே போக்கு ஐம்பது சதவீத ஒதுக்கீடு உள்ள தமிழ்நாட்டிலும் காணப்படுகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.”

முதல் வரைவைவிட மூன்று மடங்கு நீளம். மதிப்பெண்ணுக்காகக் குறைக்க வேண்டுமா என்று தயங்கினார். ஒரு சொல்லையும் எடுக்க வேண்டாம் என்றேன்.