பேச்சு மட்டும் உள்ள வீடியோவுக்கு எந்த ஒலி வடிவம்?

ஒரு மணி நேர வகுப்பு வீடியோ. திரையில் ஸ்லைடுகள், பின்னணியில் ஆசிரியரின் குரல். அசையாத ஸ்லைடுகளை வீடியோ மென்பொருள் நன்றாகச் சுருக்கிவிடும். படப்பகுதி 30 எம்பிக்குள் அடங்கிவிடக்கூடும். ஒலியோ வழக்கமான 128 கிலோபிட் ஸ்டீரியோவில் இருந்தால், அது மட்டுமே 57.6 எம்பி. இந்த மாதிரி வீடியோக்களில் கோப்பைப் பெருக்க வைப்பது பெரும்பாலும் ஒலிதான்.

முதலில் ஸ்டீரியோவை மோனோ ஆக்குங்கள். ஒரே ஆள் பேசுவதற்கு இரண்டு தடம் தேவையில்லை. மோனோவில் ஏஏசி 64 கிலோபிட் என்றால் 28.8 எம்பி, ஓபஸ் 24 கிலோபிட் என்றால் வெறும் 10.8 எம்பி. இவ்வளவு குறைத்தும் ஓபஸில் பேச்சு தெளிவாகவே கேட்கும். காரணம் அதன் பிறப்பு. ஸ்கைப் பேச்சுக்காக உருவாக்கிய சில்க், இசைக்கும் ஏற்ற செல்ட் ஆகிய இரண்டையும் இணைத்து 2012இல் தரமாக வந்தது அது. மனிதக் குரல் உருவாகும் விதத்தையே மாதிரியாகக் கொண்டு சில்க் சுருக்குகிறது. வாட்ஸ்அப் குரல் செய்திகளும் ஓபஸ்தான். சாதாரண ஏஏசி எல்லா ஒலிக்கும் பொதுவானது. 32 கிலோபிட்டுக்கு இறக்கினால் குரல் மங்கி, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைகிறது.

```
ffmpeg -i class.mp4 -c:v copy -c:a libopus -ac 1 -b:a 24k -application voip class.mkv
```

படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றும் கட்டளை இது. கடைசியில் mkv என்று இருப்பதைக் கவனியுங்கள், சிக்கல் அங்கேதான். ஓபஸை எம்பி4 கோப்புக்குள்ளும் வைக்கலாம், ஆனால் பழைய ஐபோன்களிலும் பல டிவிகளிலும் படம் மட்டும் ஓடி ஒலி வராமல் போகலாம். எம்கேவியையோ சில கருவிகள் திறக்கவே மாட்டா. ஏஏசி உள்ள எம்பி4க்கு அந்தக் கவலை கிடையாது:

```
ffmpeg -i class.mp4 -c:v copy -c:a aac -ac 1 -b:a 64k class2.mp4
```

ஆகவே, யார் எதில் பார்ப்பார்கள் என்று தெரியாதபோது ஏஏசி 64. விஎல்சியில் பார்ப்பார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் ஓபஸ் 24. அறையில் மின்விசிறி இரைச்சலோ, இருவர் ஒரே நேரத்தில் பேசுவதோ இருந்தால் 32க்கு ஏற்றுங்கள். இரைச்சலும் பிட்டுகளைத் தின்னும். யூடியூபுக்கு ஏற்றுவதானால் இப்படிச் சுருக்கவே வேண்டாம். அங்கே மறுபடி சுருக்குவார்கள். இருமுறை சுருக்கினால் குறைகள் கூடும்.

சோதிக்க ஹெட்போனில் 'ஸ', 'ஷ' ஒலிகளைக் கேளுங்கள். கெடுதல் முதலில் அங்கேதான் தெரியும். மோனோவாக்கியபின் குரல் மெலிந்தாலோ மறைந்தாலோ, மூலத்தின் இரு தடங்களும் எதிரெதிராகப் பதிவாகி ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். அப்போது ஒரு தடத்தை மட்டும் எடுங்கள். பெறுபவரின் போனில் ஒரு சிறு துண்டை ஓட்டிப் பார்க்கும்வரை மூலக்கோப்பை அழிக்காதீர்கள்.