சேதாரம் யார் தலையில்?

நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்ததும் ஒரு பாஸ்புக் தருவார்கள். விதிமுறைகள் அதன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பணம் கட்டுகிறவருக்குப் புரியும்படி அந்தப் பக்கத்தை ஒரே தாளில் சுருக்கி எழுத முடியும்.

முதல் வேலை வரிசையை மாற்றுவது. விதிமுறை பெரும்பாலும் நிறுவனத்தின் உரிமைகளிலிருந்து தொடங்கும். வாடிக்கையாளருக்கோ கேள்விகள் வேறு. மாதம் எவ்வளவு கட்டணும், நகையை எப்போது வாங்கலாம், அன்றைக்கு மேற்கொண்டு என்ன கொடுக்கணும், நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? இவையே தலைப்புகளாக வேண்டும்.

மாதிரிக்கு ஒரு விதி: “முதிர்வுக்குப்பின் தெரிவு செய்யப்படும் ஆபரணங்களுக்கு 18 விழுக்காடு வரையிலான சேதாரம் விதிக்கப்படமாட்டாது, அதற்கு மேற்பட்ட சேதாரமும் வரிகளும் உறுப்பினரைச் சாரும், நாணயங்களுக்கு இச்சலுகை பொருந்தாது.”

இதைச் சுருக்கும்போது “சேதாரம் இல்லை” என்று எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. வாக்கியம் எளிமையாகிவிடும், செய்தி பொய்யாகிவிடும். வரம்பும் விலக்கும் சலுகையோடு சேர்ந்தே வர வேண்டும்:

நகை வாங்கும் நாளில் நான் என்ன கொடுக்க வேண்டும்?
- சேதாரம் 18 விழுக்காடு வரை இலவசம். அதற்கு மேல் போனால் மிச்சத்தை நீங்கள் கொடுக்க வேண்டும்.
- உதாரணம்: 8 கிராம் சங்கிலிக்குச் சேதாரம் 22 விழுக்காடு என்றால் 1.76 கிராம். அதில் 1.44 கிராம் தள்ளுபடி. 0.32 கிராமுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும்.
- பில் தொகைக்கு 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி.
- தங்கக் காசு வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது.

அந்த உதாரணக் கணக்கை விட்டுவிடக் கூடாது. விழுக்காட்டில் புரியாதது கிராமில் புரிந்துவிடும்.

கெடு தேதிக்கும் தனித் தலைப்பு வேண்டும். பொருளுக்காக ஒரு கம்பெனி வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கணக்குத் தீர்க்காவிட்டால், 2014ஆம் ஆண்டு விதிகளின்படி அது வைப்புத்தொகையாகக் கருதப்படும். பல திட்டங்கள் 11 தவணையோடு முடிவது இதனால்தான். ஆகவே “குறித்த காலத்துக்குள்” என்று எழுதாமல், கடைசித் தேதியையே எழுத வேண்டும்.

கடைக்குச் சாதகமான விதிகளையும் மறைக்கக் கூடாது. “நிறுவனத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது” என்று இருந்தால், “இந்தச் சலுகையைக் கடை குறைக்கலாம்” என்று நேராக எழுத வேண்டும். அப்படி எழுதக் கூச்சமாக இருந்தால் மாற்ற வேண்டியது விதியைத்தான். சுருக்கமும் முழு விதிமுறையும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுதி முடித்ததும், திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, “ஏழாவது மாதம் நிறுத்தினால் என்ன கிடைக்கும்?” என்று கேளுங்கள். தாளைப் பார்த்தே அவர் பதில் சொல்லிவிட்டால் போதும். “கடையில் கேட்கணும்” என்றால் அந்தப் பகுதியைத் திருத்தி எழுத வேண்டும்.

வாசகர்களே, முதல் தவணை கட்டும் முன் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதிலை எழுத்தில், கடை முத்திரையோடு கேட்டு வாங்குங்கள்.