குறுகிய குளியலறையில் ஒரு சலவை இயந்திரம்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிற்கு முன்பக்கக் கதவுடைய சிறிய சலவை இயந்திரம் ஒன்று வந்தது. அதை வைக்கக் குளியலறையை விட்டால் வேறு இடமில்லை. அதன் நீளம் 6 அடி, அகலம் 4 அடி. பொருத்தும் வேலையில் நானும் உடனிருந்தேன். இயற்பியல் வகுப்பில் கரும்பலகையில் கண்டவை பல அந்த நான்கு சுவர்களுக்குள் உயிர்பெற்று நின்றன.

முதலில் நீர் வரத்து. இத்தகைய இயந்திரங்கள் பலவற்றிற்குக் குறைந்தது 0.3 பார் நீரழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஆகவே தேவை 3 மீட்டர். எங்கள் மாடித் தொட்டியின் அடிமட்டம் குழாயிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்ததால் கவலையில்லை. தொட்டிக்கு நேர் கீழே, மேல்மாடியில் குடியிருப்போருக்கு ஒன்றரை மீட்டர் கிடைப்பதே அரிது. நீர் நூலாய் இறங்கும்; இயந்திரம் காத்திருந்து பார்த்துவிட்டு நின்றுவிடும். பழி என்னவோ இயந்திரத்தின் மேல்தான்!

அடுத்தது கழிவுநீர்க் குழாய். தரையில் சல்லடை மூடியிட்ட வடிகால் இருக்கிறதே, அதில் குழாயைப் போட்டால் போதாதா என்று தோன்றும். போட்டால் சைபன் வேலை செய்யத் தொடங்கிவிடும். உள்ளே வரும் நீர் வந்த வேகத்தில் வெளியேறும். இயந்திரம் நிரம்பாமல் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். துவைக்கும்போதே வடிகாலில் நீர் ஓடினால் இதுதான் காரணம் என்று கொள்க. குழாயைத் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. வரை உயர்த்தி வளைத்து, அங்கே நிற்கும் அகலமான குழாய்க்குள் தளர்வாக விட வேண்டும். காற்றுப் புக இடைவெளி இருந்தால் சைபன் அறுந்துவிடும். பம்பு இல்லாத மேல்மூடி இயந்திரங்களுக்கு இவ்விதி நேர் எதிர்: அவற்றின் குழாய் தாழ்ந்தே கிடக்க வேண்டும்.

இனி மின்சாரம், நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்கும் தாயார் தொடப்போகும் இரும்புப் பெட்டி இது. ஆதலால் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டைக் குளியலறைக்கு வெளிச்சுவரில் வைத்தோம். பிளக் நுழையும் அளவு துளையிட்டு, நீர் வெளியே கசியாதபடி அதை உட்புறம் சற்றுச் சரித்தோம். மின்வடத்தை வெட்டி ஒட்டுப்போடுவதும், நீட்டிப்புப் பலகை வைப்பதும் கூடவே கூடாது.

எர்த் இல்லாவிடில் பெட்டியைத் தொடும்போது மெல்லிய சுருக்கு ஒன்று தெரியும். "பழகிவிடும்" என்பார்கள், பழகக் கூடாது. பெட்டியைத் தொடாமல் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழைப்பதே முறை.

மெயின் பலகையிலுள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. மனிதரைக் காக்காது. 0.1 ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே உயிர் போகலாம். அதுவோ அசையாமல் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.தான் கசிவை உணர்ந்து நொடிப்பொழுதில் துண்டிக்கும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆயினும் இரு கம்பிகளையும் ஒருசேரப் பிடிப்பவரை அதுவும் காக்க இயலாது. அங்கே கசிவென்று உணர எதுவும் இராது.