ஐந்து தளக் கட்டடத்தில் நிலநடுக்க விசை எப்படிப் பங்கிடப்படுகிறது?

நிலநடுக்கத்தில் கட்டடத்தை யாரும் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. தரை நகர்கிறது, மேலே இருக்கும் எடை உடனே நகர மறுக்கிறது. இந்த இழுபறிதான் விசையாகிறது. எடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் விசையும் பிறக்கும். வீட்டுக் கட்டடத்தில் பெரும்பகுதி எடை தளங்களிலும் சுவர்களிலும் இருப்பதால், ஒவ்வொரு தள மட்டத்திலும் ஒரு கிடைவிசை செயல்படுவதாக வைத்துக்கொண்டு பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அத்தனை தளங்களின் விசையும் சேர்ந்து கட்டடத்தின் அடிமட்டத்தில் வந்து நிற்கும் தொகைக்குப் பெயர் பேஸ் ஷியர், அதாவது அடிவெட்டு விசை.

உண்மையில் இந்த விசை நொடிக்கு நொடி திசை மாறும். அதற்குப் பதிலாக, ஒரே திசையில் அசையாமல் தள்ளும் ஒரு விசையை வைத்துக் கணக்குப் போடுவதுதான் சம நிலைவிசை முறை. இந்தியத் தரநூலான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு அதற்குத் தரும் சூத்திரம் இது:

VB = Ah × W
Ah = (Z/2) × (I/R) × (Sa/g)

சென்னையில் ஐந்து தள மட்டங்கள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு 3 மீட்டர், மொத்த உயரம் 15 மீட்டர். நீளம் 20 மீட்டர், அகலம் 12 மீட்டர்.

முதலில் W, அதாவது கட்டடத்தின் எடை. தளம், உத்திரம், தூண், சுவர் எல்லாம் முழுதாகச் சேரும். மனிதர்கள், மரச்சாமான் போன்ற வாழ்சுமையில் வீடுகளுக்குக் கால் பங்கு சேர்த்தால் போதும். மொட்டைமாடிக்கு அதுவும் வேண்டாம். ஆனால் மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை விட்டுவிடக் கூடாது. 10,000 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோநியூட்டன், அதாவது சுமார் 10 டன், கட்டடத்தின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் கட்டடத்தில் கீழ் நான்கு தளங்களும் தலா 2,800, மொட்டைமாடி தொட்டியோடு சேர்த்து 2,000, ஆக மொத்தம் 13,200 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து Ah. சென்னை மூன்றாம் மண்டலத்தில் இருப்பதால் Z = 0.16. சாதாரணக் குடியிருப்புக்கு I = 1. கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரமே அலைவுக்காலம். செங்கல் சுவர் நிரப்பிய சட்டகத்துக்கு அது 0.09h/√d; h கட்டடத்தின் உயரம், d அந்தத் திசையில் அதன் அடிமட்ட நீளம். நீளவாக்கில் 0.30 நொடி, அகலவாக்கில் 0.39 நொடி வருகிறது. நடுத்தர மண்ணில் 0.55 நொடிவரை Sa/g = 2.5 என்பதால் இரண்டு திசைக்கும் ஒரே மதிப்புதான்.

R மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. இந்த மண்டலத்தில் நம் சட்டகத்தை நெகிழ்திறனோடு கட்டியாக வேண்டும்; அதற்கு R = 5. கட்டடம் துளியும் சேதமில்லாமல் தாங்க வேண்டிய விசையில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் வடிவமைக்கிறோம் என்பது இதன் பொருள். மீதியைக் கம்பி இளகி, கான்கிரீட் விரிசல் விட்டு ஈடுகட்ட வேண்டும். அந்த ஈடு தூணுக்குள் கட்டும் ரிங்கில் இருக்கிறது. ரிங்கின் முனை 135 பாகைக்கு மடிந்து, தூணின் உட்புறக் கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரிங்குகளின் இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கம்பி கட்டும்போது 90 பாகையில் மடித்து விட்டால், வெளிப்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாய்திறந்துவிடும். தாளில் R = 5 என்று எழுதிவிட்டுக் களத்தில் இப்படிக் கட்டினால் கணக்கே பொய்யாகிவிடும்.

எல்லாம் சேர்த்தால் Ah = 0.08 × 0.2 × 2.5 = 0.04. எடையில் நூற்றுக்கு நான்கு. VB = 0.04 × 13,200 = 528 கிலோநியூட்டன்.

இந்த 528-ஐ மாடிகளுக்குப் பங்கிடும் சூத்திரம்:

Qi = VB × (Wi hi²) / Σ(Wj hj²)

ஒவ்வொரு தளத்தின் எடையையும் தரையிலிருந்து அதன் உயரத்தின் இருமடியால் பெருக்கி, அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். கட்டடம் ஆடும்போது அடி அசைவது குறைவு, உச்சி அசைவது அதிகம் என்பதால்தான் உயரம் கணக்கில் வருகிறது. கிடைக்கும் பங்கு இது:

15 மீட்டர் (மொட்டைமாடி): 197
12 மீட்டர்: 177
9 மீட்டர்: 99
6 மீட்டர்: 44
3 மீட்டர்: 11

எடையில் மிகக் குறைந்தது மொட்டைமாடி. ஆனால் விசையில் பெரும்பங்கு அதற்குத்தான். இருமடியை விட்டுவிட்டு வெறும் உயரத்தால் பிரித்திருந்தால் அதன் பங்கு 139-ஆகக் குறைந்திருக்கும். அமெரிக்கத் தரநூல் இந்த அடுக்கை அலைவுக்காலத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரை மாற்றிக்கொள்கிறது. இந்திய நூல் எல்லாக் கட்டடத்துக்கும் 2 என்றே வைத்திருக்கிறது.

இனி மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உச்சி மாடித் தூண்கள் தாங்குவது 197. அதற்கடுத்த மாடி 374, பிறகு 473, பிறகு 517. தரைத்தளத் தூண்கள் முழு 528-ஐயும் தாங்க வேண்டும். விசை பிறப்பது மேலே, அதைச் சுமப்பது கீழே.

இப்போது அந்தத் தரைத்தளத்தில் கார் நிறுத்தச் சுவர்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மேல்மாடிகள் சுவர்களின் துணையோடு விறைப்பாக நிற்க, அசைவு முழுவதும் சுவரில்லாத ஒரே மாடியின் தூண்களில் குவிகிறது. 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில், இப்படித் தரைத்தளம் திறந்திருந்த பல அடுக்குமாடிகள் இடிந்தன. நம் சூத்திரம் மாடிக்கு எவ்வளவு விசை என்று சொல்லும். எந்த மாடி பலவீனம் என்று சொல்லாது. அதனால்தான் இம்முறை ஒழுங்கான கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்துகிறது.

2016 பதிப்பின்படி, இந்த முறையை மட்டும் வைத்து வடிவமைப்பை முடிப்பது இரண்டாம் மண்டலத்தில், 15 மீட்டருக்குக் குறைவான, ஒழுங்கான கட்டடங்களுக்குத்தான். நம் சென்னைக் கட்டடத்துக்கு இயக்கவியல் பகுப்பாய்வும் செய்தாக வேண்டும். அப்படியானால் 528 எதற்கு? கணினி மாதிரியில் பெரும்பாலும் தூணும் உத்திரமும் மட்டும் இருக்கும், செங்கல் சுவரின் விறைப்பு இருக்காது. அதனால் மாதிரி உண்மைக் கட்டடத்தைவிட மெதுவாக ஆடும். அதன் அலைவுக்காலம் 1 நொடி என்று வந்தால் Sa/g 1.36-ஆகிவிடும். முழு எடையையும் வைத்துப் பார்த்தாலும் விசை 287-க்கு இறங்கிவிடும், கிட்டத்தட்டப் பாதி. இப்படிக் குறைந்து வந்தால் கணினி தந்த விசைகளை எல்லாம் 528-க்கு ஈடாக உயர்த்த வேண்டும் என்கிறது தரநூல்.

ஆகவே, கட்டடத்தின் வடிவமைப்பு அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் முதலில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: சூத்திரப்படி வந்த பேஸ் ஷியர், கணினி தந்த பேஸ் ஷியர். இரண்டாவது சிறியதாக இருந்து, உயர்த்திய குறிப்பு எங்கும் இல்லையென்றால், தூண்களைக் கட்டும் முன்பே பொறியாளரிடம் காரணம் கேளுங்கள்.