மேசையா, பூசையா?

ஸ்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. குறில் நெடில் வேறுபாடு கிடையாது. தமிழருக்கு இதைவிட எளிய மொழி வேறென்ன என்று தோன்றும். ஆனால் வீட்டில் பேசுகிற தமிழ்தான் இங்கே காலை வாரிவிடுகிறது.

'இடம்' என்று எழுதி 'எடம்' என்கிறோம். 'குடம்' பேச்சில் 'கொடம்' ஆகிறது. அடுத்த அசையில் அகரம் வந்தால் முன்னாலுள்ள இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் இறங்கிவிடுவது நம் பேச்சு வழக்கு. ஸ்பானியத்திலோ 'மிஸா' என்றால் தேவாலயப் பூசை, 'மெஸா' என்றால் மேசை. 'லுனா' நிலா, 'லொனா' கித்தான் துணி. 'ருஸா' ரஷ்யப் பெண், 'ரொஸா' ரோஜா. சிலர் 'மீஸா' என்று நீட்டித் தப்பிக்கிறார்கள். பொருள் மாறாது, ஆனால் பேச்சு இழுவையாக ஒலிக்கும்.

இப்படி ஒரே ஓர் ஒலியால் வேறுபடும் சொற்களைத்தான் ஒலியியலில் குறையொலி இணைகள் என்கிறார்கள். வாய்க்கு முன் காதுக்குத்தான் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் ஒரு சீட்டில் எழுதிக் கலைத்துக்கொள்ளுங்கள். சீட்டை மறைத்தபடி நீங்கள் வாசிக்க, எந்தச் சொல் கேட்டது என்று நண்பர் குறிக்கட்டும். 'மிஸா' என்று நீங்கள் சொன்னதை அவர் 'மெஸா' என்று குறித்தால் பிழை எங்கே என்பது தெரிந்துவிடும். உங்கள் குரலை நீங்களே கேட்டுத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. சொல்ல நினைத்ததைத்தான் நம் காது கேட்கும்.

இணைகள் பிடிபட்ட பிறகுதான் நாப்பிறழ் தொடர்கள். புகழ்பெற்ற ஸ்பானியத் தொடர்கள் பலவும் 'த்ர', 'ற்ற' போன்ற மெய்களுக்காக அமைந்தவை. உயிரொலிக்கு நாமே கட்டிக்கொள்வது நல்லது: 'லா ருஸா பொனெ லா ரொஸா என் லா லொனா, நொ என் லா லுனா.' ரஷ்யப் பெண் ரோஜாவைக் கித்தானில் வைக்கிறாள், நிலாவில் அல்ல. (கடைசி ஆகாரங்களையும் குறுக்கியே சொல்ல வேண்டும்.) வேகம் கூடும்போது 'லுனா' 'லொனா'வாகச் சரிந்தால், வேகத்தை உடனே குறையுங்கள்.

இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வரும்போதுதான் உண்மையான சிக்கல். அ, எ, ஒ வலிய உயிர்கள். இ, உ மெலிய உயிர்கள். மெலியது அழுத்தமின்றி வலியதன் பக்கத்தில் நின்றால் இரண்டும் ஒரே அசையாகும். மெலியதன் மேலேயே அழுத்தம் விழுந்தால் அவை இரண்டு அசைகளாகப் பிரியும்; எழுத்தில் அதன் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள். 'ஸா-ப்யா', இரண்டு அசை: அறிவு மிக்கவள். 'ஸ-பீ-ஆ', மூன்று அசை: அவளுக்குத் தெரிந்திருந்தது. 'ரெய்' ஒரே அசை: அரசன். 'ரெ-ஈ' இரண்டு: சிரித்தேன். நாம் முதல் அசையை ஓங்கிச் சொல்லிப் பழகியவர்கள். அதனால் 'ஸபீஆ' நம் வாயில் 'ஸாபியா' ஆகி, தெரிந்திருந்ததாகச் சொல்லப் போனவர் அறிவாளியைக் கூப்பிட்டுவிடுகிறார்.

இதற்கு ஒரு தொடர்: 'லா ஸாப்யா ஸபீஆ தெ கெ ஸெ ரெஈஆ எல் ரெய்.' அரசன் எதற்காகச் சிரித்தான் என்று அந்த அறிவாளிக்குத் தெரிந்திருந்தது. மேசையில் தட்டிக்கொண்டே அசைக்கு ஒரு தட்டாகச் சொல்லுங்கள்: லா, ஸா, ப்யா, ஸ, பீ, ஆ, தெ, கெ, ஸெ, ரெ, ஈ, ஆஎல், ரெய். மொத்தம் 13 தட்டு. 'ரெஈஆ'வின் கடைசி உயிரும் 'எல்' என்பதன் முதல் உயிரும் சொல் எல்லையைத் தாண்டி ஒரே அசையில் சேர்வதைக் கவனியுங்கள். ஸ்பானியப் பேச்சில் இது இயல்பு. 12 தட்டு வந்தால் பெரும்பாலும் 'ஸபீஆ' சுருங்கியிருக்கும். 14 வந்தால் 'ஸாப்யா' மூன்றாகப் பிரிந்திருக்கலாம், அல்லது 'ஆ', 'எல்' தனித்தனியே நின்றிருக்கலாம்.

இரண்டு வலிய உயிர்கள் சேர்ந்தால் நம் உடம்படுமெய் ஓடி வந்துவிடும். 'பெ-ஆ' என்றால் 'பாருங்கள்'. இடையில் யகரம் நுழைந்தால் அது 'பெயா', அதாவது 'அழகி'. தமிழில் இலக்கணம், இங்கே பிழை.

ஆனால் ஸ்பானியர்களும் எப்போதும் பிரித்தே சொல்வதில்லை. வலிய உயிர்கள் இரண்டு வரும் 'தெஆத்ரொ' அவசரப் பேச்சில் 'த்யாத்ரொ' ஆவதைப் பல இடங்களில் கேட்கலாம். திரைக்கதையைக் குறிக்கும் 'கியொன்' என்ற சொல்லைப் பலர் இரண்டு அசையாகவே சொல்கிறார்கள். இருந்தும் அதை ஓரசையாகக் கணக்கிட்டுச் சாய்கோடின்றி எழுதச் சொல்கிறது ஸ்பானிய அகாதமிகளின் 2010 எழுத்திலக்கண நூல். ஆகவே பயிற்சிக்கு இத்தகைய சொற்களை விட்டுவிட்டு, 'ஸாப்யா', 'ஸபீஆ' போல அழுத்தத்தால் பொருளே மாறும் இணைகளை எடுத்துக்கொள்ளலாம்.