வெட்டுச் சுவருக்கும் சட்டகத்துக்கும் பக்கவாட்டு விசையைப் பகிர்தல்

காற்றோ நிலநடுக்கமோ கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது, கான்கிரீட் தளம் விறைப்பான தகடுபோல் நகர்ந்து வெட்டுச் சுவரையும் தூண்களும் விட்டங்களும் சேர்ந்த சட்டகத்தையும் ஒரே அளவு நகர்த்துகிறது. எனவே ஒவ்வொன்றும் தன் விறைப்புக்கு, அதாவது 1 மி.மீ. நகரத் தேவையான விசைக்கு, ஏற்ற பங்கைச் சுமக்கும்.

ஒற்றைத்தளக் கட்டடம் ஒன்றின் நடுவில் ஒரு சுவரும், இருபுறமும் சமதூரத்தில் ஒவ்வொரு சட்டகமும் உள்ளன எனக் கொள்வோம். சுவரின் விறைப்பு 90 கிலோநியூட்டன், சட்டகங்களுக்குத் தலா 5, மொத்தம் 100. விசை 200 கிலோநியூட்டன் என்றால் தளம் 2 மி.மீ. நகரும், சுவர் 180-உம் சட்டகங்கள் தலா 10-உம் ஏற்கும்.

இதை நம்பிச் சட்டகத்தை 10-க்கு மட்டும் வடிவமைப்பது ஆபத்து. சுவரில் விரிசல் விழுந்து அதன் விறைப்பு 40 ஆகக் குறைந்தால், அதே விசைக்குத் தளம் 4 மி.மீ. நகரும், சட்டகத்தின் சுமை 20, அதாவது இரு மடங்கு! இத்தகைய இரட்டை அமைப்பில் சட்டகங்கள் தனித்து நின்றே அடிமட்ட வெட்டுவிசையில் குறைந்தது 25 விழுக்காட்டைத் தாங்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 1893 (2016).

உயரமான கட்டடத்தில் இந்த விகிதத்தை மாடிதோறும் போட்டால் விடை தவறும். சுவர் நட்ட கம்பம்போல் வளைவதால் மேலே போகப்போக அதன் சாய்வு கூடும். சட்டகமோ கீழ்மாடிகளில்தான் அதிகம் சரியும். ஆகவே உச்சிக்கு அருகில் சட்டகமே சுவரைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது.