படத்திலிருந்து நடு மதிப்பெண்

கோலார் தங்கவயலில் உள்ள ஒரு பள்ளியின் பத்தாம் வகுப்பில் 40 மாணவர்கள் கணக்குத் தேர்வு எழுதினர் என்று கொள்வோம். முழு மதிப்பெண் 100. தேர்ச்சிக்கு உரியது 33. மதிப்பெண் பட்டியலுக்குப் பதிலாக, கணினித் திரையில் தோன்றிய நிகழ்வுச் செவ்வகப் படம் ஒன்று பிடிக்கப்பட்டு, பெற்றோரின் கைப்பேசிகளுக்கு அனுப்பப்பட்டது. 42 மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தி, தான் வகுப்பின் மேற்பாதியில் இருக்கிறாளா, கீழ்ப்பாதியில் இருக்கிறாளா என்று அறிய விரும்புகிறாள். அந்தப் படம் ஒன்றைக் கொண்டே அவளுக்கு விடை கூற இயலுமா?

படத்தின் கிடைக்கோட்டில் மதிப்பெண் பிரிவுகளும், நிலைக்கோட்டில் மாணவர் எண்ணிக்கையும் குறிக்கப்பட்டிருக்கும். முதலில் ஒவ்வொரு செவ்வகத்தின் உயரத்தையும் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அவற்றை இடப்புறத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்ல வேண்டும். 40 என்ற மதிப்பெண் 40–50 என்னும் பிரிவைச் சேரும்.

| மதிப்பெண் | மாணவர் | கூட்டிய தொகை |
|---|---|---|
| 10–20 | 2 | 2 |
| 20–30 | 4 | 6 |
| 30–40 | 9 | 15 |
| 40–50 | 10 | 25 |
| 50–60 | 7 | 32 |
| 60–70 | 4 | 36 |
| 70–80 | 2 | 38 |
| 80–90 | 1 | 39 |
| 90–100 | 1 | 40 |

இறுதித் தொகை 40 ஆக வந்ததா என்று பார்ப்பது இன்றியமையாதது. குறைந்தால், படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு ஒரு செவ்வகம் மறைந்திருக்கலாம். நிலைக்கோட்டில் எண்களே இல்லாவிடினும் தடையில்லை. பிரிவுகளின் அகலம் சமமாகவும் செவ்வகங்களின் அடி சுழியத்திலும் இருந்தால், உயரங்களை அளவுகோலால் அளந்து, மொத்த உயரத்தின் பாதி எங்கே வருகிறது என்று காணலாம்.

மதிப்பெண்களை ஏறுவரிசையில் நிறுத்தினால் நடுவில் வருவது இடைநிலை அளவு. 40 பேரில் நடுவிடம் 20ஆம், 21ஆம் மாணவர்களுக்கு உரியது. 30–40 பிரிவு முடியும்போது 15 பேரே வந்துள்ளனர். அடுத்த பிரிவின் முடிவில் 25 பேர் ஆகின்றனர். ஆகவே நடு மாணவர் இருவரும் 40–50 பிரிவிலேயே உள்ளனர். இது ஐயமற்ற முடிவு. அப்பிரிவின் 10 பேரும் சீராகப் பரவியுள்ளனர் என்று கொண்டால், 20ஐ அடைய இன்னும் 5 பேர் தேவை. அது பிரிவின் பாதித் தொலைவு. எனவே இடைநிலை அளவு ஏறத்தாழ 45 ஆகும்.

பரவலை அறிய, இதே முறையில் 10ஆம், 30ஆம் மாணவர்களின் இடங்களைக் காண வேண்டும். முதலாவது ஏறத்தாழ 34, மற்றது ஏறத்தாழ 57. வகுப்பின் நடுப்பாதியினர் இவ்விரண்டிற்கும் இடையே, 23 மதிப்பெண் அகலத்துள் அடங்குகின்றனர். பெருமத்திற்கும் சிறுமத்திற்கும் உள்ள வேறுபாடான வீச்சோ 71 முதல் 90 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனை நிறுவுவோர் இரு கோடிகளிலும் உள்ள ஒரு சிலரே. ஆதலால் அது வகுப்பின் இயல்பை அவ்வளவாகக் காட்டாது.

சீரான பரவல் என்பது ஓர் ஊகம். தேர்ச்சி எல்லையின் அருகே அது பொய்த்துவிடும். 2013ஆம் ஆண்டில் ஐ.சி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. தேர்வு முடிவுகளைத் திரட்டிப் படமாக வரைந்த ஓர் இந்திய மாணவர், தேர்ச்சிக்குரிய 35க்குச் சற்றுக் கீழான 32, 33, 34 ஆகியவற்றை எவருமே பெறவில்லை என்று கண்டார். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் தனித்தனிக் கோடு வரைந்தமையால் அந்த வெற்றிடம் தெரிந்தது. பத்துப் பத்தாகப் பிரித்த படத்தில் அது மறைந்துபோயிருக்கும்.

நம் படத்தில் 30–40 பிரிவின் ஒன்பது பேரும் சீராகப் பரவியிருந்தால், அவர்களுள் ஏறத்தாழ மூவர் 33க்குக் கீழ் இருப்பர். தேறாதோர் 9 பேர் என்று கணக்கு வரும். ஒன்பது பேரும் 33ஐ எட்டியிருந்தால் தேறாதோர் 6 பேரே. எவருமே எட்டாவிடின் 15 பேர். ஆகவே தேறாதோர் தொகையை இப்படத்திலிருந்து உறுதியாகச் சொல்லுதல் தவறு. ஆயினும் இம்மூன்று நிலைகளிலும் இடைநிலை அளவு மாறுவதில்லை.

42 பெற்ற மாணவி, சீரான பரவலின்படி, ஏறத்தாழ 17ஆம் இடத்தில் வருகிறாள், பெரும்பாலும் கீழ்ப்பாதி. ஆனால் அவளும் நடு மாணவரும் ஒரே பிரிவில் இருத்தலால் அது முற்ற முடிந்த முடிவன்று. 52 பெற்ற அவள் தோழியோ மேற்பாதியில் இருப்பது உறுதி.

அருஞ்சொற்பொருள்
சுழியம் – பூச்சியம்
பெருமம் – மிகப் பெரிய அளவு
சிறுமம் – மிகச் சிறிய அளவு

வினாக்கள்
1. இறுதித் தொகை 38 என்று வந்தால் எதனை ஐயுற வேண்டும்?
2. 50–60 பிரிவின் எழுவரும் 50 மதிப்பெண்ணே பெற்றிருந்தால் இடைநிலை அளவு மாறுமா? காரணம் கூறுக.